ரொம்பப் படிச்ச பொண்ணும் ஓவர்குவாலிஃபைடும்

ஓவர்குவாலிஃபைடு என்பதைத் தமிழில் ‘மிகைத் தகுதி’ என்று எழுதலாம். ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள், நாமும் ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொள்கிறோம். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் விஷயம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. கல்யாணத் தரகர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கும்மா, இந்த இடம் ஒத்து வராது” என்பாரே, அதேதான். இவ்வளவு படித்தவள் சொன்ன பேச்சைக் கேட்பாளா, கொடுத்ததை வைத்துக்கொண்டு இருப்பாளா, நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளா என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் பயம். பயத்தைப் பயம் என்று வெளியே சொல்ல முடியாது. அதனால் பாராட்டுப் போலச் சொல்லி அனுப்புகிறார்கள்.

பதினேழு வருட அனுபவத்தோடு, அதைவிட இரண்டு படி கீழே இருக்கும் வேலைக்கு நான் விண்ணப்பித்தபோது தொலைபேசியில் வந்த குரலும் பாராட்டத்தான் செய்தது. “மேம், உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. இந்த ரோலுக்கு நீங்க ஓவர்குவாலிஃபைடா இருப்பீங்களோன்னு ஹயரிங் மேனேஜர் ஃபீல் பண்றாங்க.” இதைக் கேட்ட பிறகு நமக்குப் பதில் சொல்லக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதில் பெண்கள் என்ன சொல்கிறோம், அது எப்படிக் கேட்கப்படுகிறது என்பதை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. வேலை தேடும் தோழிகளோடு பேசும்போதெல்லாம் இந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டு ஒரு சின்ன சேகரமே என்னிடம் இருக்கிறது.

முதலில், நம்மிடம் பேசுகிறவர் யார் என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் நம்மைவிடப் பத்து பதினைந்து வயது இளையவர், பல நேரங்களில் பெண். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேரை அழைக்க வேண்டியவர். அவர் முன்னால் ஒரு எக்செல் தாள் திறந்திருக்கும். இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், ஊர், வேலை மாறுவதற்கான காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். நாம் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குள் ஒரு வரியாகச் சுருங்கித்தான் மேனேஜரிடம் போகும். நம் பதிலைத் தீர்மானிக்கிறவர் அதை நம் வாயால் கேட்கப்போவதில்லை. என் சேகரத்தில் இருக்கும் நல்ல பதில்கள் பல அங்கேதான் செத்துப்போயின. ஐந்து நிமிடம் நேர்மையாகப் பேசியவரைப் பற்றிக் கட்டத்தில் ‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று இரண்டு சொல் ஏறியிருக்கும்.

பேசுகிறவர் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே பல ஏஜென்சிகளுக்கு, சேர்த்துவிட்ட ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் கட்டணம். அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் போய்விட்டால் ஏஜென்சி இலவசமாக வேறு ஆள் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஆகவே ‘நீங்கள் இதில் இருப்பீர்களா?’ என்ற கேள்வியில் அந்தப் பெண்ணின் மாத இலக்கும் கலந்திருக்கிறது. என் தத்துவத்தில் அவருக்கு அக்கறை இருக்க நியாயமில்லை. தொண்ணூற்றோராவது நாளும் நான் அந்த நாற்காலியில் இருப்பேனா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் வேலை அது.

இப்போது பதில்களுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பவற்றில் முக்கால்வாசி இரண்டே வகை.

முதல் வகை, நேர்காணல் வழிகாட்டிகள் எழுதிக் கொடுத்தது. “எனக்குப் பதவி முக்கியமில்லை. கற்றுக்கொள்ள எப்போதும் ஆர்வம் உண்டு. உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்காற்ற விரும்புகிறேன்.” ஆணும் பெண்ணும் சொல்கிற பதில் இது. இதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, உண்மை என்றும் எதையும் எடுத்துக்காட்ட முடியாது. பதவி முக்கியமில்லை என்றால் பதினேழு வருடம் ஏன் பதவி பதவியாக ஏறினீர்கள் என்று கேட்பவருக்குத் தோன்றும். வாய்விட்டுக் கேட்க மாட்டார். வேலை போய்விட்டது, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு பிறகு தாவிவிடலாம் என்று பார்க்கிறார் என அவரே முடிவு செய்துகொள்வார். எந்தப் பயத்தைப் போக்க இந்தப் பதில் சொல்லப்பட்டதோ அதையே இது உறுதி செய்துவிடுகிறது.

இரண்டாவது வகை பெண்களுக்கு மட்டுமே வாய்த்தது. “ஃபேமிலி கமிட்மென்ட்ஸ் இருக்கு. பசங்க சின்னவங்க. ஸ்ட்ரெஸ் இல்லாத வேலையா இருந்தா நல்லாருக்கும்.” இதைச் சொன்னதும் மறுமுனையில் இருக்கும் பெண், “புரியுது மேம்” என்று உடனே சொல்லிவிடுவார். அந்த ‘புரியுது’ அவ்வளவு சுலபமாக வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. பல பேருக்கு இந்தக் காரணம் முழு உண்மை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் கூலியில்லாமல் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், அப்படி ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அலுவலகத்திலிருந்து வந்து இந்த இரண்டாவது ஷிஃப்டைப் பார்க்கிறவர் முதல் ஷிஃப்டைக் குறைத்துக்கொள்ள நினைத்தால் அதை மறைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் பதிலாக அது என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை அது. நம்மைச் சேர்த்துக்கொள்ளவும் வைக்கும், குறைத்து எடைபோடவும் வைக்கும். ‘ஸ்ட்ரெஸ் இல்லாத வேலை’ என்ற மூன்று சொற்களுக்குச் சம்பளப் பேச்சில் விலை உண்டு. வீட்டுக்காக வருகிறவர், பேரம் பேச மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார் என்று தாளில் ஏறிவிடும். தவிர, அந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களையும் அது இறக்கிவிடுகிறது. நாம் ‘சுலபம்’ என்று சொல்கிற வேலையைத்தானே அவர்கள் முழுமூச்சாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதே நிலையில் ஒரு ஆண், “மேனேஜ்மென்ட் போதும்ங்க, மறுபடி டெக்னிக்கலுக்கு வரணும்” என்றால் அவருக்குத் தொழில்மேல் எவ்வளவு பிடிப்பு என்று வியக்கிறார்கள். நான் அதே வாக்கியத்தைச் சொன்ன ஒரு அழைப்பில் அடுத்த கேள்வி, “குழந்தைங்க எந்த கிளாஸ் படிக்கிறாங்க மேம்?” எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சொன்னதும் மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. குடும்பக் காரணமும் இல்லையென்றால் இவளுக்கு வேறு என்ன கோளாறு என்று யோசித்திருக்கலாம்.

இனி என் காரணம். நான் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் டெஸ்ட் மேனேஜர். முதல் பத்து வருடம் டெஸ்டிங் செய்தேன், பிறகு ஏழு வருடம் டெஸ்டிங் செய்கிறவர்களை நிர்வகித்தேன். கடைசியில் என்கீழ் முப்பத்து நான்கு பேர். காலையில் தலைக்கணக்கு, மதியம் யாரை எந்த பிராஜெக்டுக்கு பில் பண்ணலாம் என்ற தாள், இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு அழைப்பு. இவை சலிப்புதான், ஆனால் நான் கிளம்பியது இவற்றால் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் அப்ரைசல்தான் காரணம். பெல் கர்வ் என்பார்கள். முப்பத்து நான்கு பேரும் நன்றாகவே வேலை செய்திருந்தாலும் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே விகிதம் வந்துவிடும். கீழே வைக்க ஆள் தேட வேண்டும். அந்த இடத்துக்கு வருடா வருடம் சுலபமாகக் கிடைப்பது பிரசவ விடுப்பிலிருந்து திரும்பியவள். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. ஆனால் ‘இந்த வருஷம் அவ பாதிதானே இருந்தா’ என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் சொல்வதை அந்தச் சட்டம் எட்டிப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் நான் அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசினேன். ஒருமுறை ஜெயித்தேன். அவளுக்குப் பதிலாக வேறொருத்தி கீழே போனாள், ஏனென்றால் எண்ணிக்கை மாறாது. இனி யாருக்கும் மதிப்பெண் போடுகிற நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூடவே இன்னொன்றும் உண்டு: ஒரு மென்பொருள் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் அந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைக்கவேயில்லை.

இந்தக் காரணத்தை ரெக்ரூட்டரிடம் அப்படியே கொட்டலாமா? கூடாது என்றுதான் சொல்வேன். மறைக்கச் சொல்லவில்லை. அவருடைய கட்டத்தில் இது ‘அப்ரைசல் பிரச்சினை’ என்று ஏறும். மேனேஜர் அதைப் படித்து, முந்தைய இடத்தில் தகராறு செய்தவள் என்று எடுத்துக்கொள்வார். உண்மைக்கு இரண்டு பக்கம் உண்டு. எதை விட்டு வருகிறேன் என்பது ஒரு பக்கம், எதைத் தேடி வருகிறேன் என்பது மறுபக்கம். என் விஷயத்தில் இரண்டுமே உண்மை. வேலை கொடுப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது, முதலாவதை நம் தோழிகளிடம் பேசிக்கொள்ளலாம். உடல்நிலை காரணமாக இருக்கும் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன். என்ன நோய், எந்த மாத்திரை என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரம், எந்த மாதிரி வேலை என்னால் முடியும் என்பதைச் சொன்னால் போதும், அதுவும் நேர்மைதான்.

கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தின் சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் வேலைக்காக வந்த அழைப்பில் நான் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

“நீங்க கேக்கறது சரியான கேள்விங்க. மேனேஜர் வேலைக்கு எனக்குத் தகுதி இருக்கு, ஆனா இப்ப அந்த வேலை எனக்கு வேண்டாம். பத்து வருஷம் டெஸ்டிங் பண்ணேன், ஏழு வருஷம் ஆளுங்களை மேனேஜ் பண்ணேன். ரெண்டையும் பார்த்துட்டு, டெஸ்டிங்தான் என் வேலைன்னு திரும்பி வரேன். போன வருஷம் ஒரு ரிலீஸுக்கு ஆள் பத்தலைன்னு நாலு மாசம் நானே உக்காந்து ஆட்டோமேஷன் எழுதினேன். கை இன்னும் பழக்கத்துல இருக்கு, வேணும்னா ஒரு டெஸ்ட் வெச்சுப் பாருங்க. லீடா ஆக்குங்கன்னு ஆறு மாசத்துல வந்து நிக்க மாட்டேன். சம்பளம், இந்த ரோலுக்கு நீங்க வெச்சிருக்கற பேண்டுக்குள்ள, அதோட மேல் நுனி. இப்ப வாங்கறதைப் பார்த்து யோசிக்க வேண்டாம், வீட்டுல கணக்குப் போட்டுட்டுத்தான் பேசறேன்.”

பிறகு, “எழுதிக்கறீங்களா? ‘டூ டெர்ம்ஸ் இன் மேனேஜ்மென்ட், ரிட்டர்னிங் டு ஹேண்ட்ஸ்-ஆன் டெஸ்டிங் பை சாய்ஸ், சாலரி வித்தின் பேண்ட்’ அப்படின்னு போட்டுக்கலாம்” என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, “தேங்க்ஸ் மேம், அப்படியே போட்டுக்கறேன்” என்றார். கட்டத்துக்கான வரியை நாமே கொடுத்துவிட்டால் அது ‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று ஆகாது.

அந்தப் பதிலில் மூன்று இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒன்று, ‘கை இன்னும் பழக்கத்துல இருக்கு’ என்பது. ஓவர்குவாலிஃபைடு என்று சொல்கிற மேனேஜர்களில் பாதிப் பேர் சொல்ல வருவது அண்டர்குவாலிஃபைடு என்பதை. ஏழு வருடம் கருவியைத் தொடாதவர் எப்படிச் செய்வார் என்பது நியாயமான சந்தேகம். நான் டெஸ்டிங்கில் இருந்த காலத்தில் எங்கும் செலினியம், இப்போது பல இடங்களில் பிளேரைட். அந்தச் சந்தேகத்தை வாய்ப்பேச்சால் தீர்க்க முடியாது. அழைப்பு வருவதற்கு முன் இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் பிளேரைட் கற்றுக்கொண்டு, ஒரு பொதுத் தளத்தின் டிக்கெட் பதிவுப் பக்கத்துக்குச் சின்னதாக ஒரு சோதனைத் தொகுப்பு எழுதி வைத்திருந்தேன். கேட்டால் காட்ட ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘திரும்பி வருகிறேன்’ என்பது ஆசையாக மட்டுமே காதில் விழும்.

இரண்டாவது இடம் சம்பளம். எனக்கு அப்போது ஆண்டுக்கு முப்பத்தொரு லட்சம். அந்த வேலையின் பேண்ட் பதினைந்திலிருந்து இருபது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ‘பேண்டுக்குள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பதினைந்தில் முடித்துவிடுவார்கள். விருப்பப்பட்டு இறங்கி வருகிறவள்தானே என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடும். வேலையின் அளவைக் குறைத்துக்கொள்கிறேன் என்பதற்காக அந்த வேலையின் விலையையும் குறைக்க வேண்டியதில்லை. பத்து வருட அனுபவசாலிக்கு அந்த இடத்தில் என்ன தருவார்களோ அதை எனக்கும் தர வேண்டும். பத்தொன்பதரையில் முடிந்தது. பதினொன்றரை லட்சம் குறைவு என்பது சின்ன விஷயமில்லை. கணக்குப் போட்டேன் என்று நான் சொன்னது பேச்சுக்காக அல்ல. வீட்டுக் கடன் முந்தைய வருடம்தான் முடிந்தது, அம்மாவின் மருத்துவச் செலவை அக்காவும் நானும் பகிர்ந்துகொள்கிறோம், கோவையில் வாடகை குறைவு. இவை இல்லாமல் இந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒரு எண்ணைச் சொல்லிக் கணக்குப் போட்டுவிட்டேன் என்கிறவரை நம்புகிறார்கள். பணம் முக்கியமில்லை என்கிறவரை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

மூன்றாவது, ‘லீடா ஆக்குங்கன்னு வந்து நிக்க மாட்டேன்’. என்னைவிடப் பதினோரு வயது இளையவர் எனக்கு மேலே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு நிஜமாகவே பயம் இருந்தது, என்னால் தன் இடம் ஆடுமோ என்று. அடுத்த சுற்றில் அவர் நேரடியாகவே கேட்டார், “அக்கா, நான் சொல்ற டெஸ்ட் பிளானை ஏத்துப்பீங்களா?” அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது. “தப்புன்னு பட்டா சொல்வேன், ஒருதடவை. அப்புறம் முடிவு உங்களோடதுதான்” என்றேன். முழுக்கப் பணிந்து போவேன் என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருக்க மாட்டார்.

இந்த மாதிரிப் பதிலைச் சொல்ல முடியாத பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள் விண்ணப்பத்தில் பிளஸ் டூ என்று மட்டும் எழுதுவது நமக்குத் தெரிந்ததுதான். அவர்கள் எளிய வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை, இருப்பது அதுதான். மறைப்பது சில இடங்களில் ஓடும், சில இடங்களில் வேலையையே பறித்துவிடும். பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே இருந்தது. பட்டத்தைச் சொல்லாமல் தேர்வானவரின் நியமனத்தை வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடுதல் படிப்பு குற்றமாகாது, ஆனால் மறைத்தது நம்பிக்கைக் கேடு என்ற போக்கில் அந்த வாதம் போகிறது. கூடுதல் படிப்பைச் சொல்லியிருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்களே என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே நாட்டில், பத்தாம் வகுப்பு போதும் என்கிற டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வைப் பொறியியல் படித்தவர்கள் எழுதி வேலைக்குப் போகிறார்கள். அங்கே யாரும் ஓவர்குவாலிஃபைடு என்று திருப்பி அனுப்புவதில்லை. போட்டித் தேர்வுக்கு நம் மனதைப் பற்றிக் கவலை கிடையாது. நேர்காணல் செய்கிறவருக்குத்தான் நாம் ஏன் வருகிறோம் என்று தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

மென்பொருள் துறையில் மறைக்க முயல்வது வீண். வேலையில் சேரும்முன் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரில் பதவி இருக்கும், வருங்கால வைப்புநிதிக் கணக்கில் எங்கே எந்தத் தேதிவரை வேலை செய்தோம் என்பது இருக்கும். ரெஸ்யூமேயில் மேனேஜர் பதவியை எடுத்துவிடாமல், செய்த டெஸ்டிங் வேலையை மேலே கொண்டுவருவதுதான் சரி. நான் அந்த ஏழு வருடத்தை மூன்று வரியில் முடித்தேன்.

பெண்ணியத் தோழிகளிடமிருந்து வந்த விமர்சனத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. “மேலே போகப் போகப் பெண்களே இல்லை. நீயும் இறங்கினா அந்த மதிப்பீட்டுக் கூட்டத்துல அவளுக்காகப் பேச யாரு இருப்பா?” என்று ஒருத்தி கேட்டாள். கேட்டவள் இன்னும் அந்த மாதிரி நாற்காலியில் இருக்கிறாள், தினமும் சண்டை போடுகிறாள். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையை மாற்ற முடியாத கூட்டத்தில் பெயரை மாற்ற மட்டும் ஒரு பெண் தேவை என்பது பிரதிநிதித்துவமா என்று எனக்குச் சந்தேகம். அதோடு, பெண் ஏற மட்டுமே வேண்டும், ஒவ்வொரு படியும் எல்லாப் பெண்களுக்காகவும் என்றால், இறங்கும் உரிமை மறுபடி ஆண்களிடம் மட்டும் இருந்துவிடும். நாங்கள் இருவரும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அந்தப் பதிலால் எல்லாக் கதவும் திறந்ததா என்றால் இல்லை. ஆறு இடங்களில் ஏறத்தாழ இதையே சொன்னேன். மூன்று பேர் ‘கெட் பேக்’ பண்ணுகிறேன் என்று சொல்லிப் போனவர்கள்தான். ஒரு இடத்தில் பேச்சு பாதியிலேயே, “உங்களுக்கு நாங்க ஒரு மேனேஜர் ரோலே பார்க்கறோமே” என்று திரும்பியது. இப்படித் திரும்பினால் அவர்கள் காதில் நாம் சொன்னது எதுவும் விழவில்லை என்று அர்த்தம். இன்னொரு இடத்தில் வயதைத்தான் குறிவைக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. “டீம் எல்லாம் ரொம்ப யங்” என்று மூன்று தடவை சொன்னார்கள். தனியார் வேலையில் வயதைக் காட்டி மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இங்கே கிடையாது. அங்கே எந்த நேர்மையான பதிலும் வேலை செய்யாது, நேரத்தை வீணாக்காமல் அடுத்த அழைப்புக்குப் போய்விடலாம்.

உண்மையான சோதனை சேர்ந்த பிறகு வருகிறது. இதைப் பற்றி எந்த வழிகாட்டியும் எழுதவில்லை. சீனியர் டெஸ்ட் இன்ஜினியராக எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதத்திலிருந்து மேனேஜர் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். “நீங்கதான் இதெல்லாம் பார்த்தவங்களாச்சே, இந்த ஒரு கிளையண்ட் கால் மட்டும் எடுத்துக்கோங்க.” பிறகு புதிதாக வந்த இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு, யாருக்கு என்ன மதிப்பெண் போடலாம் என்று ‘சும்மா ஒரு இன்புட்’ கேட்பார்கள். பத்தொன்பதரை லட்சத்துக்கு முப்பத்தொரு லட்சத்து வேலை. இறங்கி வந்த பெண்களிடம் இது நடக்கிறது, அதிலும் மறுத்துச் சொல்லத் தயங்குகிற பெண்களிடம் சீக்கிரமாக நடக்கிறது. ஆகவே ஆஃபரை ஏற்றுக்கொள்ளும் முன் நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நேர்காணலில் பேசியபடி இந்த வேலையில் எனக்குக் கீழே ஆட்கள் இல்லை, யாருடைய அப்ரைசலிலும் எனக்குப் பங்கு இல்லை, இது சரிதானா என்று உறுதிப்படுத்துங்கள் என்று இரண்டு வரி. ஹெச்.ஆர். பெண்ணுக்கு அது விநோதமாகப் பட்டிருக்கும். “இப்படி யாரும் கேட்டதில்லை மேம்” என்றார். ஆனாலும் ‘கன்ஃபர்ம்ட்’ என்று பதில் வந்தது.

ஐந்தாம் மாதம் அந்த இளைய மேனேஜர் லீவில் போனபோது, டீமில் நாலு பேரின் மதிப்பீட்டுத் தாள் என் மேசைக்கு வந்தது. அந்த மின்னஞ்சலை அவருடைய மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, தாள்களை மூடிய உறையில் திருப்பி அனுப்பினேன். அன்றைக்குப் பேமென்ட் பக்கத்தில் ஒரு பிழை கண்டுபிடித்திருந்தேன். தமிழ்ப் பெயரில் ‘ழ்’ வந்தால் ரசீது அச்சாகவில்லை. அதைப் பதிவு செய்வதில் மீதி மதியம் போனது.